மூன்றாவது விகுதி

கிரானியா டோஹில் முதல் நாள் எங்கள் படப்பிடிப்புக் கொட்டகைக்கு வந்தபோது வாசல் காவலர் அவளை உள்ளே விடவில்லை. கையில் அடையாள அட்டை இல்லை.

"என்ன வேலைக்கு வந்தீங்க?"

"ஒரு மொழி செய்ய வந்திருக்கேன்."

அவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். தச்சர் இருந்தார், சாயம் போடுகிறவர் இருந்தார், குதிரை பார்த்துக்கொள்கிறவர்கூட இருந்தார். மொழி இல்லை. கடைசியில் எனக்கு ஃபோன் போட்டார். "மாலக்கி, ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. ஏதோ செய்யிறாங்களாம். செய்யிறதெல்லாம் உன் பக்கம்தானே, கூட்டிட்டுப் போ."

அப்படித்தான் அவள் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். நான் பெல்ஃபாஸ்ட்காரன். துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பெரிய கொட்டகையில், திரையில் வரும் ஆட்கள் கையில் எடுக்கும் பொருள்களையெல்லாம் செய்து கொடுப்பது என் வேலை: கிண்ணம், கத்தி, கைத்தடி. அவளுக்குத் தனியறை தருவதாகச் சொன்னார்கள். தரவேயில்லை. என் பட்டறையின் மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

ஐம்பது வயதைத் தொட்டவள். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு மருத்துவமனையில் வேலை. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்கு மறுபடி பேசச் சொல்லிக் கொடுப்பாள். ஓய்வு நேரத்தில் சொந்தமாக மொழிகளைக் கட்டி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குப் பூத்தொட்டி மாதிரி. தொடர் எடுக்கும் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். கதையில் ஒவரா என்று ஒரு சதுப்புநிலத்து ஜனம் வருகிறது. அவர்களுக்குப் பேச்சும் பழக்கவழக்கமும் வேண்டும்.

அவள் வார்த்தைகளிலிருந்து தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் வாயிலிருந்து தொடங்கினாள். யார் யார் நடிக்கிறார்கள், எந்த ஊர், எந்த மொழி பேசி வளர்ந்தவர்கள் என்று விசாரித்தாள். ராணியாக வரும் சிக்னே டென்மார்க்காரி. அவள் மாமியாராக வருகிறவள் ஸ்காட்லாந்து. கூட்டமாக நிற்கப்போகிற அறுபது பேரும் எங்கள் ஊர்க்காரர்கள். இவர்கள் எல்லோருடைய நாக்குக்கும் எட்டுகிற ஒலிகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதோடு, யாருக்கும் பழக்கமில்லாத ஒரே ஒரு ஒலி: சொல்லின் கடைசியில் மூச்சோடு கரைந்துபோகிற 'ல்'.

"ஒன்னு போதும். பத்து வச்சா நடிகர்கள் எச்சில்தான் துப்புவாங்க. ஒன்னு இருந்தா பார்க்கிறவங்க காது அதையே பிடிச்சுக்கும்."

இயக்குநர் ஜைல்ஸ் லண்டன்காரர். ஒருநாள் வந்து, மூடுபனியில் வாழ்கிற ஜனமாதலால் மொழியும் மூடுபனி மாதிரி இருக்க வேண்டும் என்று கையை அசைத்துக் காட்டினார். அவர் போனபிறகு அவள் சொன்னாள்: "மண்ணுக்கும் ஒலிக்கும் சம்பந்தமே கிடையாது மாலக்கி. பாலைவனத்துலயும் வழவழன்னு பேசுவாங்க. ஆனா பார்க்கிறவங்க சம்பந்தம் இருக்குன்னு நம்புறாங்க. அதனால கொஞ்சம் 'ல'வும் 'வ'வும் கூடப் போட்டுடறேன். அவருக்கும் சந்தோஷம்."

பிறகு செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. தேவையான மொழியை விட்டுவிட்டு, அதற்கு ஆயிரம் வருடம் முந்திய மொழியைச் செய்தாள். அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்கப்புறம் அதைத் தேய்த்தாள். கை என்பதற்குப் பழைய சொல் 'கலு'. காலப்போக்கில் சொல்லின் முதலில் வரும் 'க' 'ஹ' ஆகிறது, கடைசி உயிர் விழுகிறது. 'ஹல்' ஆகிவிட்டது. ஆனால் வணக்கம் சொல்லும் 'மிகல்' என்ற சொல்லுக்குள் அதே கை நடுவில் மாட்டிக்கொண்டதால், அதன் 'க' அப்படியே தங்கிவிட்டது. ஒவராக்காரர்களுக்கே அந்த வணக்கத்துக்குள் ஒரு கை இருப்பது தெரியாது என்றாள்.

"இதெல்லாம் திரையில யாருக்குத் தெரியப் போகுது?"

"தெரியாது. ஆனா இல்லேன்னா தெரியும். நான் உட்கார்ந்து ஒரே நாள்ல செஞ்சா எல்லாம் ஒரே அச்சா இருக்கும். பொம்மை வீடு மாதிரி. யாரும் குடியிருந்த வீடுன்னா எங்கயாவது கீறல் இருக்கணும்."

கல் என்பதற்கு அவர்கள் மொழியில் சொல்லே இல்லை. சதுப்பில் கல் ஏது? மேட்டுநிலத்து ஆட்களிடம் கடன் வாங்கி, அதையும் தப்பாக உச்சரிப்பார்கள். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள்.

வினைச்சொல்லுக்கு மூன்று விகுதி வைத்திருந்தாள். தமிழில் வந்தான் என்பார்களாம், வந்தானாம் என்பார்களாம். கண்ணால் பார்த்ததற்கும் காதால் கேட்டதற்கும் பேச்சிலேயே வித்தியாசம் வைக்கிற மொழிகள் உலகத்தில் நிறைய உண்டு. அந்த வழியிலேயே இன்னும் கொஞ்சம் போனாள். ஓர் ஆளைப் பற்றிப் பேசும்போது, உயிரோடு இருந்தால் 'ஹெலின்', இறந்துவிட்டால் 'ஹெலா', இருக்கிறானா இல்லையா என்று தெரியாவிட்டால் 'ஹெலு'. ஒருவர் எந்த விகுதியில் சொல்கிறாரோ, கேட்கிறவர் அதே விகுதியில் பதில் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவமரியாதை.

அந்த மூன்றாவது விகுதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர் சின்ன ஊர். டோஹில் குடும்பம் எந்தத் தெரு, அந்த வீட்டுப் பையன் யூனன் எந்த வருடம் காணாமல் போனான் என்பது எனக்கும் தெரியும், என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கலவர காலம், ஆயுதக் குழுக்கள் ஆட்களைத் தூக்கிப்போய்க் கொன்று ரகசியமாகப் புதைத்த காலம். பத்தொன்பது வயதுப் பையன், சாயங்காலம் வெளியே போனவன் வரவில்லை. தங்கை கிரானியாவுக்கு அப்போது பதினொன்று. பல வருடம் கழித்து, அயர்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சதுப்பில் புதைத்ததாக யாரோ யார் மூலமாகவோ சொல்லி, இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. இதையெல்லாம் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

கதையில் ராணியின் கணவன் தோமிர் சதுப்புக்குள் போய்த் திரும்பி வராமல் போகிறான். உடல் கிடைக்காதவனுக்கு ஒரு சடங்கு வேண்டும் என்றார் ஜைல்ஸ். எழுத்தாளர்கள் விளக்குகளைத் தண்ணீரில் விடுவதாக எழுதியிருந்தார்கள்.

"எண்ணெய் எங்கேர்ந்து வந்தது இவங்களுக்கு?" என்றாள் கிரானியா. "ஆடு கிடையாது, எள் கிடையாது. மீன் எண்ணெயை வச்சுச் சமைப்பாங்களா, தண்ணில விடுவாங்களா? சடங்குன்னா முதல்ல வேலையா இருந்திருக்கணும். தினம் செய்யிற எதையாவது எடு."

அவர்கள் தினம் செய்வது நடப்பது. சதுப்பில் நடக்க ஊன்றுகோல் வேண்டும், ஆளுயரத்துக்கும் மேலே. ஒவ்வொருவருக்கும் அவரவர் கோல். செத்தால் அதை முறித்து உடலோடு வைப்பார்கள். உடல் இல்லையென்றால் கோலை ஊர் விளிம்பில் நட்டு வைப்பார்கள். மண் இளகியது, அதனால் கோல் வருடாவருடம் கொஞ்சம் இறங்கும். வீட்டார் போய் அதை மேலே இழுத்து விட வேண்டும். இழுக்கிற வரைக்கும் அவன் 'ஹெலு'. என்றைக்கு இழுப்பதை நிறுத்தி, கோல் தலை மறைகிறதோ, அன்றிலிருந்து 'ஹெலா'.

"யார் நிறுத்தறது?" என்று கேட்டேன்.

"அதை இன்னும் யோசிக்கல" என்றாள்.

நாற்பது கோல்கள் செய்தேன். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பாள். கை பிடிக்கிற இடம் தேய்ந்திருக்கிறதா, இடதுகைக்காரன் கோல் ஒன்றாவது உண்டா, குழந்தைக் கோலில் பல் பட்ட தடம் எங்கே. கூட்டத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது எல்லோரும் பக்தியாகக் கோலை இழுத்தார்கள். நிறுத்தச் சொன்னாள்.

"யாரும் இவ்வளவு உருக வேண்டாம். இது உங்க பத்தாவது கோல். குளிருது. வீட்டுல சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு. ஒருத்தருக்காவது இது பிடிக்கவே கூடாது."

"எனக்குப் பிடிக்கல" என்றார் டெஸ்ஸி. டாக்சி ஓட்டுகிறவர், பருத்த ஆள். "நான் காலையிலேர்ந்து பிடிக்காமத்தான் இழுக்கிறேன், நீங்கதான் பார்க்கல."

சிக்னேக்கு அவள் ஒவ்வொரு வரியையும் மூன்று விதமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள்: அசை அசையாக ஒருமுறை, சாதாரண வேகத்தில் ஒருமுறை, அந்தக் காட்சியின் உணர்ச்சியோடு ஒருமுறை. கூடவே எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அழுத்தம் எதில் என்று குறிப்பு. பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்தால் அழுத்தம் தப்பான சொல்லில் விழும், பார்க்கிறவர்களுக்கு ஏனென்று தெரியாமலே நம்பிக்கை போய்விடும் என்பாள்.

படப்பிடிப்பு ஆன்ட்ரிம் மலைமேல், நிஜச் சதுப்பில். மழை நின்று நின்று பெய்தது. சிக்னே கோலைப் பிடித்துக்கொண்டு "தோமிர் ஹெலு" என்று சொல்ல வேண்டும். அறுபது பேரும் "ஹெலு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் காதில் ஹெட்ஃபோன் வைத்திருக்கும் கிரானியா கையைத் தூக்குவாள். அதுதான் அவள் வேலை. நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மூன்று தடவை எடுத்தார்கள். சுமாராக இருந்தது. நான்காவது தடவை சிக்னேக்கு என்ன ஆயிற்றோ, கோலைப் பிடித்தவள் பேசவே இல்லை. முகம் மட்டும் மாறிக்கொண்டே போனது. பிறகு மெதுவாக, "தோமிர் ஹெலா" என்றாள்.

அந்த அறுபது பேரும், யாரும் சொல்லாமலே, ஒரே குரலில் "ஹெலா" என்றார்கள்.

பழக்கிய பழக்கம் அது. சொன்ன விகுதியில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவள்தானே சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தச் சத்தம் சதுப்பின்மேல் போய்க்கொண்டே இருந்தது. கிரானியா கையைத் தூக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜைல்ஸ் கண்ணைத் துடைத்தபடி வந்தார். "இதுதான். இதுதான் எடுத்ததிலேயே நல்லது. சரியாச் சொன்னாங்கதானே?"

"இல்ல" என்றாள். "கடைசி எழுத்து மாறிப்போச்சு."

"ஒரு எழுத்து. யாருக்குத் தெரியப் போகுது?"

"அங்க நிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. அதனாலதான் மாத்திச் சொன்னாங்க."

வெளிச்சம் போய்விட்டது. மறுநாள் அந்த இடம் கிடையாது. பிறகு குரலை மட்டும் மாற்றிப் பதியலாமா என்று கேட்டார். "ஊ"க்கு உதடு குவியும், "ஆ"வுக்குத் திறக்கும், சிக்னேயின் முகம் திரை முழுக்க நிற்கிறது, செவிடனுக்கும் தெரியும் என்றாள் கிரானியா.

"அப்போ இது சரிதான்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்க. நீங்கதானே மொழியை உண்டாக்கினவங்க."

அன்று மலையிலிருந்து என் வண்டியில்தான் இறங்கினாள். பாதி வழியில் பேசினாள்.

"எங்க அம்மா இன்னும் யூனனைப் பத்தி இருக்கான்னுதான் பேசுவாங்க. யூனனுக்கு பீட்ரூட் பிடிக்காதும்பாங்க. பிடிக்காம இருந்துதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. நானும் அதே மாதிரித்தான் பதில் சொல்லுவேன், வேற எப்படிச் சொல்ல? நாப்பது வருஷமா வீட்டுல யாரும் சொல்லாத ஒன்னை இன்னிக்கு அத்தனை பேர் சொல்லிட்டாங்க மாலக்கி. அதுவும் நான் கத்துக்குடுத்த வாயால."

"அவங்க தோமிரைத்தான் சொன்னாங்க."

"தெரியும்."

அதற்குப் பிறகு அந்தச் சொல் அவள் காதை விட்டுப் போகவில்லை. பஸ் கதவு மூடும்போது கேட்கிறது என்றாள். கெட்டில் கொதித்து அடங்கும்போது, கடைசியில், மூச்சு விடுகிற மாதிரி. அடுத்த வாரம் பட்டறையில் டெஸ்ஸி தன் ஃபோனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "போச்சு, ஹெலா" என்றார். சார்ஜ் தீர்ந்திருந்தது. கூட இருந்தவர்கள் விளையாட்டாக, ஆனால் உடனே, "ஹெலா" என்றார்கள். கிரானியா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

நான் பின்னால் போய், கொஞ்ச நாள் லீவு போடேன் என்றேன்.

"எனக்கு ஒன்னும் இல்ல. மொழி உயிர் பிடிச்சிடுச்சு, அவ்வளவுதான். இதுக்குத்தானே இத்தனை பாடு" என்றாள்.

தப்பைச் சரியாக்க அவளுக்கு வழி தெரியும். நடிகர் தடுமாறினால் அதை வட்டார வழக்கு என்று சேர்த்துக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம். சிக்னேயின் ராணி அப்படிப் பேசுகிற ஊரில் பிறந்தவள் என்று ஒரு வரி போதும். ஆனால் அறுபது பேரும் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் வழக்கு என்று தள்ள முடியவில்லை. இலக்கணத்தில் இடமில்லாமல் போனதால், வழக்கத்தில் இடம் தேடினாள். ஒரு வாரம் மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் என்னிடம் வந்து, "யார் நிறுத்தறதுன்னு கேட்டியே" என்றாள்.

கோல் தானாக இறங்கி மறைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கு 'முதல் வாய்' என்ற உரிமை உண்டு. பூசாரிக்கு இல்லை, மூத்தவருக்கும் இல்லை. கோலை இழுத்துக்கொண்டிருக்கிறவருக்கு மட்டும். அவர் 'ஹெலா' என்று சொல்லிவிட்டால், மனம் ஒப்பாதவர்களும் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். அதற்குமேல் கோலை யாரும் தொடக்கூடாது. ஆனால் சொன்னவருக்கு அது சும்மா போகாது. கோல் மறைகிறவரை குடும்பத்தார் அவரோடு ஒரே பானையில் சாப்பிட மாட்டார்கள்.

"அவங்க மேல என்ன தப்பு?" என்றேன்.

"தப்பு இல்ல. யாராவது சொல்லணும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. சொன்னவங்களை மன்னிக்கவும் மாட்டாங்க. அப்படித்தானே இருக்கும்?"

ஜைல்ஸுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மாமியார் தன் கிண்ணத்தை ராணியிடமிருந்து நகர்த்தி வைப்பதாக ஒரு சின்னக் காட்சியைச் சேர்த்தார். கிண்ணம் நான் செய்தது. எடுத்த காட்சியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தப்பாக இருந்தது இப்போது கதையாகிவிட்டது.

அந்தப் பகுதி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் அம்மா ஃபிலோமினா எண்பதைத் தாண்டியவர். ரொட்டியும் ஹாமும் வைத்துக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் பீட்ரூட்டும் வைத்தார். திரையில் சிக்னே பேசினாள், கீழே அதன் பொருள் ஓடியது. கூட்டம் திருப்பிச் சொன்னது.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்றார் அம்மா. எழுத்து அவர் கண்ணுக்குச் சின்னது.

கிரானியா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான்தான், "புருஷன் செத்துட்டான்னு சொல்லுது" என்றேன்.

"யார் வந்து சொன்னாங்க அவகிட்ட?"

"யாரும் வரல அம்மா" என்றாள் கிரானியா. "அவளாத்தான் சொல்றா."

"அவளுக்கு யார் அந்த உரிமையைக் கொடுத்தது?"

"நான்தான் கொடுத்தேன்."

அம்மா அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். தொலைக்காட்சியில் மாமியார் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "அந்தக் கிழவி செய்யிறது சரி" என்றார் அம்மா. பிறகு எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவர் பேசியது மழையைப் பற்றித்தான்.

யூனனைப் பற்றி அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிடத்தான் அன்று என்னை உட்கார வைத்தாளோ என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் ஆள் இருந்தால் சுலபம் என்று நினைத்திருக்கலாம். வாசல் வரை வந்தவளிடம் கேட்டேன். "இல்ல, கோலை இழுக்கிறது அம்மாதான். நான் வெறுமனே பக்கத்துல நிக்கிறேன்" என்றாள்.

தொடர் பல நாடுகளுக்குப் போனது. ஒவரா மொழியை உட்கார்ந்து படிக்கிறவர்கள் கிளம்பினார்கள். பிரேசிலிலிருந்து ஒரு பையன் அவள் இலக்கணத்தில் பிழை கண்டுபிடித்து எழுதினான், பிழைதான் என்று ஒப்புக்கொண்டாள். இடையிடையே வேறு விதமான செய்திகளும் வந்தன. எங்கிருந்து, யார் என்று இருக்காது. "என் அக்கா ஹெலு." "என் மகன் ஹெலு." அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அவர்களுக்கு அதற்குச் சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. எந்த மொழியில்தான் கிடைத்தது. அப்படி வருகிற ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே பதில் போட்டுவிடுவாள். அதே விகுதியில், அந்த ஒரு சொல். அவள் மேசையில் அது திறந்திருப்பதைப் பார்த்தால் நான் அந்தப் பக்கம் உளியைக்கூடத் தட்டமாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஃபிலோமினா இறந்துபோனார். கடைசி வாரத்திலும், பின்கதவு இறுகுகிறது, யூனன் வந்தால் தள்ளித் திறக்கச் சொல் என்றாராம். "சொல்றேன் அம்மா" என்று கிரானியா பதில் சொல்லியிருக்கிறாள். இனி அவனைப் பற்றி எந்த விகுதியில் பேசுவது என்பதை முடிவு செய்ய வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம். அவள் என்னிடம் யூனனைப் பற்றிப் பேசும்போது கவனித்துப் பார்த்திருக்கிறேன். பெயரைச் சொல்வாள், வாக்கியத்தை முடிக்கமாட்டாள்.

கல்லறைக் கல்லுக்கு எழுத்து வெட்டக் கொடுக்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். கல்வெட்டுக்காரர் பொறுமையான மனிதர். பெயர், பிறப்பு, இறப்பு, யூனன், கிரானியா இருவரின் தாய் என்று எழுதிக் காட்டினார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அதில் வினைச்சொல்லே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

"கீழே இடம் விடணுமா?" என்றார் அவர். "பின்னால சேர்க்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, எழுத்து அளவை அதுக்குத் தகுந்தாப்போல வைக்கணும்."

"விடுங்க."

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு" என்றாள்.

அவர் பென்சிலால் கல்லின் அடிப்பக்கம் கோடு போட்டார். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. மேலங்கியின் பொத்தானை மாட்டிக்கொண்டு, யாரை முதலில் எழுதுவது என்று அவர் கேட்பதற்குள் கிரானியா வண்டிப் பக்கம் நடந்துவிட்டாள்.